பல்பும் தெர்மிஸ்டரும் ஒரு கட்சி, டையோடு தனிக் கட்சி

*சார், நான் பிளஸ் டூ, திருத்துறைப்பூண்டி பக்கம். பல்பு, டையோடு, தெர்மிஸ்டர் மூன்றையும் "ஓம் விதிக்கு உட்படாதவை" என்று ஒரே பட்டியலில் எழுதச் சொல்கிறார்கள். ஆனால் மூன்றின் I–V கோடும் மூன்று விதமாக இருக்கிறது. பல்பின் கோட்டில் ஒரு புள்ளியில் மின்தடை கேட்டால் சாய்வை எடுப்பதா, V-யை I-ஆல் வகுப்பதா? லேபில் எனக்குத் தெர்மிஸ்டர் நேர்கோடாகவே வந்தது. எங்கே தப்பு செய்தேன்?*

நீ தப்பு செய்யவில்லை தம்பி. உன் தெர்மிஸ்டர் நேர்கோடு போட்டதுதான் நியாயம். அது ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன், ஏனென்றால் அதற்குப் பல்பு முதலில் புரிய வேண்டும்.

பட்டியல் பரீட்சைக்குச் சரிதான், எழுதிவிட்டு வா. ஆனால் அந்த மூன்றும் வளைவதற்குக் காரணம் ஒன்றல்ல. ஓம் விதியைச் சொல்லும்போது "வெப்பநிலை மாறாதிருக்கும்போது" என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்வோமே, பாதிப் பேர் அதை ஒப்பிப்பதோடு சரி. ஓம் தன் சோதனைகளைச் செய்த 1820-களில் இருந்த மின்கலங்கள் நிமிடத்துக்கு நிமிடம் தளர்ந்துபோகும். அதனால் அவர் ஒரு முனையைக் கொதிநீரிலும் மறுமுனையைப் பனிக்கட்டியிலும் வைத்த வெப்ப இரட்டையிலிருந்து மின்சாரம் எடுத்தார். அளக்கும்போது வேறு எதுவும் மாறிவிடக் கூடாது என்பதில் மனிதர் அவ்வளவு கவனம். நாமும் எந்த வளைவைப் பார்த்தாலும் முதலில் கேட்க வேண்டியது அதைத்தான்: இந்தப் பொருளின் சூட்டை மாறாமல் பிடித்து வைத்தால் கோடு நேராகுமா? பல்பும் தெர்மிஸ்டரும் நேராகும். டையோடு ஆகாது.

இதை எனக்குப் பளிச்சென்று காட்டியது ஒரு டிராக்டர் பேட்டரி. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்து ஊரெல்லாம் கம்பம் சாய்ந்து வாரக்கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்தோம். டியூஷன் பிள்ளைகள் சும்மா இருக்க வேண்டாமே என்று பக்கத்து வீட்டு டிராக்டரிலிருந்து 12 வோல்ட் பேட்டரியைக் கழற்றி வைத்துக்கொண்டு, டூவீலர் கடையில் கிடைக்கும் 12 வோல்ட், 5 வாட் பார்க்கிங் பல்பு ஒன்றில் இந்தச் சோதனையைச் செய்தோம். இரண்டு மல்டிமீட்டர், 50 ஓம் ரியோஸ்டாட் ஒன்று. அவ்வளவுதான்.

ரியோஸ்டாட்டை இணைப்பதில்தான் முதல் சறுக்கல் வரும். இரண்டு முனையை மட்டும் எடுத்துப் பல்போடு தொடராகப் போட்டால், ரியோஸ்டாட்டை முழுக்கத் தள்ளினாலும் பல்பின் மேல் ஏறத்தாழ 3 வோல்ட் நின்றுகொண்டே இருக்கும். அதற்குக் கீழே இறங்க வழியில்லை. வளைவின் மிக முக்கியமான பகுதி அந்த 3 வோல்ட்டுக்குக் கீழேதான் இருக்கிறது. ஆகவே பேட்டரியை ரியோஸ்டாட்டின் இரண்டு கோடிக்கும் கொடுத்து, பல்பை ஒரு கோடிக்கும் நகரும் முனைக்கும் இடையில் போடு. அப்போது சுழியத்திலிருந்தே ஏறலாம்.

இந்த வகைப் பல்பில் அளவுகள் ஏறக்குறைய இப்படி வரும். உன் பல்பில் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும்.

0.05 வோல்ட்: 0.02 ஆம்பியர்
1 வோல்ட்: 0.11 ஆம்பியர்
3 வோல்ட்: 0.20 ஆம்பியர்
6 வோல்ட்: 0.29 ஆம்பியர்
9 வோல்ட்: 0.36 ஆம்பியர்
12 வோல்ட்: 0.42 ஆம்பியர்

V-யைக் கிடையாகவும் I-யைச் செங்குத்தாகவும் வைத்து வரை. தொடக்கத்தில் விறுவிறுவென்று ஏறி, போகப்போகச் சாய்ந்து படுக்கும். கேள்வித்தாளில் எந்த அச்சில் எது இருக்கிறது என்று முதலில் பார்த்துவிடு. V-யைச் செங்குத்தாக வைத்து வரைந்தால் இதே பல்பின் கோடு மேல்நோக்கி வளையும். "பல்பு என்றால் கோடு கீழே படுக்கும்" என்று படத்தை மனப்பாடம் செய்தவர்கள் அங்கே போய் மாட்டிக்கொள்வார்கள்.

இப்போது ஒவ்வொரு புள்ளியிலும் V-யை I-ஆல் வகுத்துப் பார். 0.05 வோல்ட்டில் 2.5 ஓம். 1 வோல்ட்டில் 9 ஓம். 6 வோல்ட்டில் 20.7. 12 வோல்ட்டில் 28.6. பல்பைக் கழற்றி வெறுமனே மல்டிமீட்டரில் ஓம் பார்த்தாலும் 2.4 போலக் காட்டும். அப்படிப் பார்க்கும்போது மீட்டரின் இரண்டு முள்ளையும் ஒன்றோடொன்று தொட்டு, அது தானாகக் காட்டும் சில்லறை ஓமைக் கழித்துவிடு. ஆக, குளிர்ந்த இழைக்கும் எரியும் இழைக்கும் மின்தடையில் 12 மடங்கு வித்தியாசம். டங்ஸ்டன் மின்தடை 12 மடங்காக வேண்டுமென்றால் அது 2000 டிகிரி செல்சியசைத் தாண்டியிருக்க வேண்டும். 1 வோல்ட்டில் ஏறக்குறைய நாலு மடங்குதான், அதாவது 600 டிகிரி பக்கம். அந்த நிலையில் பகலில் பார்த்தால் பல்பு அணைந்திருக்கிறது என்றே சொல்வாய். கரண்ட் இல்லாத அந்த இருட்டு ராத்திரியில் இழை கருஞ்சிவப்பாகத் தெரிந்ததைப் பிள்ளைகள் எல்லாரும் பார்த்தார்கள்.

காரணம் சுருக்கம்தான். உலோகத்தில் ஓடுகிற எலெக்ட்ரான்களின் எண்ணிக்கை சூட்டால் மாறுவதில்லை. அணுக்கள்தான் அதிகம் அதிர்ந்து வழியை மறிக்கின்றன. தேர் நகரும் தெருவில் கூட்டம் நிற்காமல் ஆடிக்கொண்டே இருந்தால் நடுவே புகுந்து போவது எப்படி இருக்கும், அப்படி.

உன் சாய்வுக் கேள்விக்கு வருகிறேன். 6 வோல்ட் புள்ளியை எடுத்துக்கொள். வகுத்தால் 20.7 ஓம். சாய்வை எடுத்துப் பார்ப்போம்: 3 வோல்ட்டிலிருந்து 9 வோல்ட் வரை மின்னழுத்தம் 6 கூடியிருக்கிறது, மின்னோட்டம் 0.20-லிருந்து 0.36 ஆகி 0.16 கூடியிருக்கிறது. 6-ஐ 0.16-ஆல் வகுத்தால் 37.5 ஓம். ஒரே புள்ளிக்கு இரண்டு விடை, கிட்டத்தட்ட இரட்டிப்பு வித்தியாசம். எது சரி என்று மீட்டரையே கேள். பல்பின் மின்தடை 37.5 ஓம் என்றால் 6 வோல்ட்டில் 0.16 ஆம்பியர்தான் ஓட வேண்டும். மீட்டர் காட்டியதோ 0.29. ஆகவே அந்தப் புள்ளியின் மின்தடை V/I மட்டுமே. வரைபடத்தில் அதைப் பார்க்க வேண்டுமென்றால் தொடுகோடு வரையாதே. ஆதிப்புள்ளியிலிருந்து அந்தப் புள்ளிக்கு ஒரு நேர்கோடு இழு. அந்தக் கோடு எவ்வளவு செங்குத்தாக நிற்கிறதோ அவ்வளவு குறைவு மின்தடை. பல்பில் புள்ளி வலப்பக்கம் நகர நகர இந்தக் கோடு சாய்ந்துகொண்டே வரும்.

சாய்வும் V/I-யும் ஒன்றாக வருவது கோடு நேராகவும் இருந்து, ஆதிப்புள்ளி வழியாகவும் போகும்போதுதான். பத்தாம் வகுப்பிலிருந்து அப்படிப்பட்ட கம்பியையே பார்த்துப் பழகியதால்தான் "சாய்வு கொடுப்பது மின்தடை" என்பது மண்டையில் ஏறிவிடுகிறது. தொடுகோட்டுக்கும் ஒரு வேலை உண்டு. மின்னழுத்தத்தைக் கொஞ்சம் அசைத்தால் மின்னோட்டம் எவ்வளவு அசையும் என்று அது சொல்லும். அதற்கு இயக்க மின்தடை என்று பேர், டையோடில் அது பயன்படும். ஆனால் "இந்தப் புள்ளியில் மின்தடை என்ன" என்று கேட்டால் வகுத்துவிடு, யோசிக்காதே.

நம் கடைமடை ஊர்களில் ஒரு காலத்தில் சாயந்திரம் மோட்டாரெல்லாம் ஓட ஆரம்பித்தால் வீட்டில் 160 வோல்ட்தான் வரும், குண்டு பல்பு கோழிமுட்டைக் கரு நிறத்தில் எரியும். அதையும் இந்த வளைவில் வைத்துப் பார்க்கலாம். 230 வோல்ட், 60 வாட் பல்பு 0.26 ஆம்பியர் எடுக்கும். அதன் மின்தடை 882 ஓம் என்று நிலையாக வைத்துக் கணக்குப் போட்டால் 160 வோல்ட்டில் 0.18 ஆம்பியர், 29 வாட் என்று வரும். உண்மையில் இழை கொஞ்சம் ஆறிவிடுவதால் மின்தடையும் இறங்கி, 0.21 ஆம்பியர் ஓடும். அதாவது ஏறத்தாழ 34 வாட். பாதிக்கு மேல் மின்சாரம் செலவாகும், வெளிச்சமோ மூன்றில் ஒரு பங்குகூட வராது. கோடு வளைந்திருப்பதற்கு நாம் கட்டிய வரி அது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடலாம். அந்தப் பார்க்கிங் பல்பை நேரடியாக 12 வோல்ட்டில் போட்ட கணத்தில் இழை குளிர்ந்துதானே இருக்கும்? 12-ஐ 2.4-ஆல் வகுத்தால் 5 ஆம்பியர். இழை சூடேறிச் சில நூறில் ஒரு பங்கு விநாடிக்குள் அது 0.42-க்கு இறங்கிவிடும், உன் மீட்டரால் அதைப் பிடிக்க முடியாது. பல்பு பெரும்பாலும் சுவிட்சைப் போடும்போதுதான் ஃபியூஸ் போகிறது என்பதற்கு இதுதான் காரணம்.

இந்த 5 ஆம்பியரிலேயே நான் முதலில் சொன்னதற்குச் சாட்சியும் இருக்கிறது. சூடேற நேரமே கொடுக்காமல் ஒரு மின்னல் வெட்டு நேரம் மட்டும் மின்னழுத்தம் கொடுத்து அளந்தால், 1 வோல்ட்டுக்கும் 2.4 ஓம், 12 வோல்ட்டுக்கும் 2.4 ஓம். கோடு நேர். டங்ஸ்டன் ஓம் விதியை மதிக்கிற உலோகம்தான். தன்னையே அடுப்பில் வைத்துக்கொள்வதால் வளைகிறது.

டையோடு அப்படியில்லை. கடையில் 4007 என்று கேட்டால் கொடுப்பார்கள், கறுப்பு உருளை, ஒரு கோடியில் வெள்ளி வளையம். அதனோடு 330 ஓம் மின்தடை ஒன்றைத் தொடராகப் போடாமல் பேட்டரியில் வைக்காதே, புகைந்துவிடும். முன்னோக்குச் சார்பில் 0.4 வோல்ட் வரை மில்லிஆம்பியர் மீட்டர் தூங்கும். 0.5 வோல்ட்டில் 0.3 மில்லிஆம்பியர் பக்கம் வரும், 0.6-ல் 3, 0.7-ல் 20-க்கு மேல். ஒவ்வொரு 0.1 வோல்ட்டுக்கும் மின்னோட்டம் ஏறக்குறைய பத்து மடங்காகிக்கொண்டே போகிறது. வகுத்துப் பார்த்தால் 0.5 வோல்ட்டில் 1,600 ஓமுக்கு மேல், 0.6-ல் 200 ஓம், 0.7-ல் 30 ஓம் பக்கம்.

இங்கே இரண்டு மில்லிஆம்பியர், மூன்று மில்லிஆம்பியர் ஓடும்போது சூடு என்று சொல்ல ஒன்றுமில்லை. விரலில் பிடித்தாலும் தெரியாது. சூட்டை எப்படிக் கட்டிப் பிடித்தாலும், எவ்வளவு சின்ன நேரத்தில் அளந்தாலும் கோடு இதே வளைவுதான். டையோடின் சந்திப்பில் ஒரு மேடு இருக்கிறது. வெளியிலிருந்து கொடுக்கும் மின்னழுத்தம் அந்த மேட்டைத் தாழ்த்துகிறது. தாழத் தாழ, மின்சாரத்தைச் சுமக்கும் ஊர்திகளில் அதைத் தாண்டக்கூடிய ஆற்றல் உள்ளவற்றின் எண்ணிக்கை பெருக்கல் கணக்கில் கூடுகிறது. வளைவு அந்தச் சந்திப்பின் குணம். சூடு அதை நகர்த்தும், அது உண்மை. அதே மின்னோட்டத்துக்கு டிகிரிக்கு 2 மில்லிவோல்ட் வீதம் மின்னழுத்தம் குறையும். சூடு வளைவை இடம் மாற்றும், உருவாக்காது.

"0.7 வோல்ட்டில்தான் டையோடு திறக்கும்" என்று எழுதுவோம். அந்த முழங்கால் வளைவு உண்மையில் ஒரு குறிப்பிட்ட இடத்தில் இல்லை. செங்குத்து அச்சை ஆம்பியரில் வைத்து வரை, முழங்கால் 0.8 பக்கம் தெரியும். மில்லிஆம்பியரில் வரை, 0.6-க்கு வரும். மைக்ரோஆம்பியரில் வரைந்தால் 0.4-க்கே வந்துவிடும். ஒவ்வொரு 0.1 வோல்ட்டுக்கும் பத்து மடங்கு என்று போகிற கோட்டுக்கு முழங்கால் எங்கே இருக்கும்? நாம் எடுத்த அளவுகோலில் கண்ணுக்குத் தெரிய ஆரம்பிக்கிற இடத்தை முழங்கால் என்கிறோம். 0.7 என்பது மில்லிஆம்பியரில் வேலை பார்க்கிறவர்களின் வசதிக்கான எண், அந்த வசதி தப்பில்லை.

மீட்டர் வைப்பதில் ஒரு நுணுக்கம். முன்னோக்குச் சார்பில் வோல்ட்மீட்டரை டையோடின் இரண்டு காலிலேயே நேராக வை, அம்மீட்டர் வெளியே இருக்கட்டும். இல்லாவிட்டால் அம்மீட்டருக்குள் விழுகிற சின்ன மின்னழுத்தமும் டையோடின் கணக்கில் சேர்ந்துவிடும். 0.1 வோல்ட்டே பத்து மடங்கு என்கிற இடத்தில் அது சின்ன விஷயமில்லை. பின்னோக்குச் சார்பில் இதை மாற்று. சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டரின் உள்மின்தடை 10 மெகாஓம். 10 வோல்ட் கொடுத்தால் வோல்ட்மீட்டரே 1 மைக்ரோஆம்பியர் குடிக்கும். குளிர்ந்த 4007-இன் கசிவு அதைவிடக் குறைவு. எத்தனையோ பிள்ளைகள் ரெக்கார்டில் டையோடின் கசிவு என்று எழுதி வைத்திருப்பது வோல்ட்மீட்டர் குடித்த மின்னோட்டத்தைத்தான். பின்னோக்கில் அம்மீட்டரை டையோடை ஒட்டி வை, வோல்ட்மீட்டர் இரண்டையும் சேர்த்துப் பார்க்கட்டும்.

முனைகளை மாற்றிப் போட்டால் பல்பின் கோடு அப்படியே கீழ்ப்பக்கம் திரும்பி அதே உருவம் காட்டும், தெர்மிஸ்டரும் அப்படியே. டையோடு மட்டும்தான் ஒரு பக்கம் ஆள், மறுபக்கம் ஆளில்லை.

இனி உன் தெர்மிஸ்டர். லேபில் கொடுத்தது பெரும்பாலும் சூடேறினால் மின்தடை குறைகிற 10 கிலோஓம் என்.டி.சி. சொட்டு, மின்சாரம் 5 வோல்ட் வரை. சரிதானே? 5-ஐ 5-ஆல் பெருக்கி 10,000-ஆல் வகு: 2.5 மில்லிவாட். அந்த அளவு சொட்டு ஒன்று அசையாத காற்றில் 1 டிகிரி சூடேற ஏறக்குறைய 5 மில்லிவாட் வேண்டும். ஆக உன் தெர்மிஸ்டர் அரை டிகிரிதான் சூடேறியது. இந்த வகைப் பொருளின் மின்தடை டிகிரிக்கு 4 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல் குறையும். அரை டிகிரிக்கு 2 சதவீதம். 0.50 வர வேண்டிய இடத்தில் 0.51 மில்லிஆம்பியர். உன் கிராஃப் பேப்பரில் பென்சில் முனையின் தடிமனே அதைவிட அதிகம். நீ தெர்மிஸ்டரின் சூடு மாறாமல் அளந்திருக்கிறாய், அது ஓம் விதிக்குப் பணிந்திருக்கிறது.

புத்தகத்தில் இருக்கும் வளைவு தெர்மிஸ்டர் தன்னைத்தானே சுட்டுக்கொள்ளும்போது வருவது. அதே சொட்டுக்கு, அறை 25 டிகிரி என்று வைத்து நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 10 வோல்ட்டில் 1.1 மில்லிஆம்பியர். 14 வோல்ட்டில் சொட்டு 5 டிகிரி கூடுதல் சூடு, 1.8 மில்லிஆம்பியர் ஓடும், மின்தடை 8 கிலோஓமுக்கு வந்திருக்கும். 18 வோல்ட்டில் 10 டிகிரி, 2.8 மில்லிஆம்பியர், 6.5 கிலோஓம். 20.8 வோல்ட்டில் 20 டிகிரி, 4.8 மில்லிஆம்பியர், 4.3 கிலோஓம். ஆதிப்புள்ளியிலிருந்து ஒவ்வொரு புள்ளிக்கும் கோடு இழுத்தால் அது நிமிர்ந்துகொண்டே வரும். பல்புக்கு நேர் எதிர். இது மாங்கனீசு, நிக்கல் போன்ற உலோகங்களின் ஆக்சைடுகளைச் சுட்டுச் செய்த குறைக்கடத்தி. சூடேறினால் மின்னோட்டத்தைச் சுமக்க முன்பு கிடைக்காத ஊர்திகள் விடுபட்டு வருகின்றன. அணுக்களின் அதிர்வு மறிப்பதைவிட இந்த வரவு பெரிது.

அந்த எண்களை இன்னொரு முறை பார். 14-லிருந்து 18 வோல்ட்டுக்கு 4 வோல்ட் ஏறியதில் 1 மில்லிஆம்பியர் கூடியது. அடுத்த 2.8 வோல்ட்டிலேயே 2 கூடிவிட்டது. 21 வோல்ட்டுக்குப் பக்கத்தில் கோடு செங்குத்தாகிவிடும். அதற்கு மேல் நேரடியாகக் கொடுத்தால் மின்னோட்டம் கூடச் சூடு, சூடு கூட மின்னோட்டம் என்று கட்டு மீறி ஓடி, சொட்டு வெடித்துவிடும். பல்பு சூடேறினால் தன் கழுத்தைத் தானே பிடித்துக்கொள்ளும். தெர்மிஸ்டர் சூடேறினால் அணையைத் தானே திறந்துவிடும். அதனால் 30 வோல்ட் சப்ளையில் செய்வதானால் 1 கிலோஓம், அரை வாட் மின்தடையைத் தொடராகப் போட்டுக்கொண்டு செய். 330 ஓம் போதாதா என்று கேட்காதே, போதாது.

பொறுமையும் வேண்டும். டையோடில் குமிழைத் திருப்பிய கணமே எண் நின்றுவிடும். பல்பு கண் சிமிட்டும் நேரத்துக்குள் நிற்கும். தெர்மிஸ்டர் சொட்டு ஒரு நிமிடமாவது நகர்ந்துகொண்டே இருக்கும். மின்னழுத்தத்தை மாற்றியதும் படித்து எழுதினால் பழைய சூட்டின் மின்னோட்டத்தைத்தான் எழுதுகிறாய். சோதித்துப் பார்க்க ஒரு வழி: 5-லிருந்து 20 வரை ஏறிக்கொண்டே படி, பிறகு 20-லிருந்து இறங்கிக்கொண்டே படி. ஏறும் கோடும் இறங்கும் கோடும் ஒன்றின் மேல் ஒன்று விழாமல் நடுவில் வாய் திறந்திருந்தால் நீ அவசரப்பட்டிருக்கிறாய். ஃபேனையும் நிறுத்திவிடு. காற்று பட்டால் சொட்டு ஆறிவிடும், கோடு நேர் பக்கம் சாயும்.

நம் ஊர் லேபில் சித்திரை மாதம் 33 டிகிரி இருக்கும். அப்போது எதுவும் கொடுக்காமலேயே அந்த 10 கிலோஓம் சொட்டு 7 கிலோஓம்தான் காட்டும். ஒரு முறை புதிதாக வாங்கிய ஒரு பொட்டலத்தையே "சரக்கு சரியில்லை" என்று நான் திருப்பிக் கொடுக்கப் போய், கடைக்காரர் ஒன்றை எடுத்து ஐஸ் டம்ளர் பக்கத்தில் பிடித்துக் காட்டினார். அன்றைக்கு வாய் பேசாமல் திரும்பி வந்தேன்.

கோழிமுட்டை இன்குபேட்டரில் வெப்பநிலை பார்க்கக் கறுப்பு வயர் நுனியில் இருப்பதும் இதே 10 கிலோஓம் சொட்டுதான். அங்கே 5 வோல்ட்டை இன்னொரு 10 கிலோஓமோடு பங்கு போட்டுக் கொடுப்பார்கள். சொட்டின் மேல் 2.5 வோல்ட், 0.6 மில்லிவாட், தன் சூடு 0.1 டிகிரி. வெப்பமானியாக வேலை செய்ய வேண்டுமென்றால் அது முட்டையின் சூட்டைச் சொல்ல வேண்டும், தன் சூட்டைச் சொல்லக் கூடாது. அதாவது உனக்கு வந்தது போல நேர்கோட்டுப் பகுதியிலேயே அதை வைத்திருக்க வேண்டும்.

வளைவைப் பார்த்த பிறகு இதையும் செய். தெர்மிஸ்டரின் கால்களை ஒன்றோடொன்று தொடாமல் விரித்து, ஒரு டம்ளர் தேங்காய் எண்ணெயில் சொட்டை முக்கி, குச்சியால் மெல்லக் கலக்கிக்கொண்டே அதே 18 வோல்ட் வரை திரும்ப அளந்து பார். எண்ணெய் சூட்டை உறிஞ்சிவிடுவதால் காற்றில் வளைந்த கோடு பெருமளவு நிமிர்ந்துவிடும். மார்கழிக் காலையில் செய்யாதே, எண்ணெய் உறைந்து கிடக்கும்.